"நோ ஆடட் சுகர்" ராகி பிஸ்கட்: சீனி 1.5 கிராம், கார்ப் 70 கிராம். எதை நம்புவது?

இரணியல்_ஜெயா

அப்பாவுக்கு 64 வயசு, டைப் 2, மெட்ஃபார்மின் மட்டும்தான். சாயங்காலச் சாயாவுக்கு (பால் உண்டு, சீனி இல்லை) நாகர்கோவில் சூப்பர் மார்க்கெட்ல வாங்கின ராகி பிஸ்கட் கொடுக்கோம். முன்பக்கத்துல "நோ ஆடட் சுகர்", "ஹை ஃபைபர்"ன்னு ரெண்டும் போட்டிருக்கு. ஆனா சாயாவுக்கு முன்னாடி சுகர் 132 இருந்தது ரெண்டு மணி நேரம் கழிச்சு 198 காட்டுது. பின்பக்கத்துல உள்ளதை அப்படியே எழுதுறேன், 100 கிராமுக்கு:

புரதம் 7, கார்போஹைட்ரேட் 70, மொத்த சீனி 1.5, சேர்த்த சீனி 0, நார்ச்சத்து 6, கொழுப்பு 17.

சேர்மானம்: மைதா (44%), பாமாயில், மால்டோடெக்ஸ்ட்ரின், மால்டிடால் (ஐஎன்எஸ் 965), ராகி மாவு (8%), கோதுமைத் தவிடு, பால் திடப்பொருள், உப்பு, புளிக்கவைக்கும் பொருள்.

சீனி 1.5 தானே இருக்கு, பின்ன எப்படி ஏறுது?

குளச்சல்காரன்

நார்ச்சத்தைக் கழிக்கணும் அக்கா. 70-ல 6 போனா 64. அதுதான் நெட் கார்ப். எந்த பாக்கெட்டா இருந்தாலும் இதுதான் கணக்கு. எங்க அண்ணன் தோஹால இருந்து கொண்டுவந்த கம்பு ரொட்டி மாதிரி ஒரு மொறுமொறு சமாச்சாரம் இருக்கு, அதுல கார்ப் 64, ஃபைபர் 16. கழிச்சா 48 தான். அதை வாங்கிக் கொடுங்க.

தக்கலை_உணவியல்

ஜெயா, முதல்ல ஒண்ணு சொல்லுங்க. அப்பா ஒரு நேரத்துக்கு எத்தனை பிஸ்கட் எடுக்காவ? பாக்கெட்ல ஒரு பரிமாறல்னு எவ்வளவு போட்டிருக்கு?

குளச்சல்காரன் தம்பி, நீங்க சொன்ன "எந்த பாக்கெட்டா இருந்தாலும்" அங்கதான் சிக்கல். அதுக்கு அப்புறம் வாறேன்.

இரணியல்_ஜெயா

பரிமாறல் 2 பிஸ்கட், 15 கிராம்னு இருக்கு. அப்பா ஆறு எடுப்பாவ. சீனி இல்லைன்னு நம்பிதான்.

தக்கலை_உணவியல்

அப்ப 45 கிராம். 100-க்கு 70 கார்ப்னா 45-க்கு 31.5 கிராம். அது ஏறக்குறைய ரெண்டரை மூணு இட்லில உள்ள கார்ப். சாயாவோட மூணு இட்லி கொடுத்துட்டு "ஏன் ஏறுது"ன்னு கேக்க மாட்டோம் இல்லியா? சாயாவுல உள்ள பாலும் கொஞ்சம் சேரும்.

சீனி வரியை மட்டும் பாத்தா இது பிடிபடாது. அந்த வரி எண்ணுறது சின்னச் சீனி மூலக்கூறுகளை மட்டும்தான்: குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ், சாதா சீனி, பால்ல உள்ள லாக்டோஸ் மாதிரி. மால்டோடெக்ஸ்ட்ரின் கொஞ்சம் நீளமான குளுக்கோஸ் சங்கிலி. அதனால சட்டப்படி "சீனி" வரியில வராது, "கார்போஹைட்ரேட்" வரியில மட்டும்தான் வரும். ஆனா குடலுக்குப் போனதும் அந்தச் சங்கிலி படக்குன்னு அறுந்துபோகும். ரத்தத்துல ஏறுற வேகத்துல அது குளுக்கோஸுக்கு ரொம்பப் பக்கத்துல. அதுக்கு மேல முதல் பொருளே மைதா, அதுவும் மாவுச்சத்துதான்.

இன்னொரு கண்கட்டு, பரிமாறலுக்கு எத்தனை சதவீதம்னு ஒரு வரிசை இருக்கும் பாருங்க. நம்ம நாட்டு விதிப்படி அது கலோரி, கொழுப்பு வகைகள், சேர்த்த சீனி, சோடியம் இதுகளுக்குத்தான் கட்டாயம். கார்புக்கு இல்லை. அதனால சேர்த்த சீனி 0%ன்னு கண்ணுல நல்லாப் படும், 70-க்குப் பக்கத்துல ஒண்ணும் இருக்காது.

மார்த்தாண்டம்_அடுப்பு

பேக்கரிக்காரன் பக்கத்துல இருந்து ஒரு வார்த்தை. பிஸ்கட்ல சீனி இனிப்புக்கு மட்டும் இல்லை. மாவுக்குக் கனம் கொடுக்கும், மொறுமொறுப்புக் கொடுக்கும், நிறம் ஏத்தும். சாதா பிஸ்கட்ல அஞ்சுல ஒரு பங்கு சீனின்னு வச்சுக்கிடுங்க. அதை எடுத்தா அந்த இடம் காலியா கிடக்கும், மாவு உருண்டை கல்லு மாதிரி ஆகும். அந்த இடத்தை நிரப்பத்தான் மால்டோடெக்ஸ்ட்ரினும் மால்டிடாலும். ஸ்டீவியாவோ சுக்ரலோஸோ இனிப்பை மட்டும் கொடுக்கும், இடத்தை நிரப்பாது. ஆகவே "சீனி இல்லா பிஸ்கட்"னு பாத்தா, சீனி இருந்த இடத்துல என்ன வந்திருக்குன்னு சேர்மானத்துல தேடணும்.

எவ்வளவு போட்டிருக்கான்னும் ஓரளவு கண்டுபிடிக்கலாம். சேர்மானம் எடை அதிகமானதுல இருந்து குறைஞ்சதுக்கு இறங்கி வரணும், அது விதி. பாக்கெட் மேல ராகின்னு பேர் போட்டா ராகி எத்தனை சதவீதம்னும் எழுதணும். இங்க ராகி 8. மால்டோடெக்ஸ்ட்ரினும் மால்டிடாலும் அதுக்கு முன்னாடி வருது, அப்ப ஒவ்வொண்ணும் 8-க்குக் குறையாது. பாமாயிலுக்குப் பின்னாடி வருது, மொத்தக் கொழுப்பே 17, அப்ப 17-ஐத் தாண்டாது. மாவு பிசையும்போது உள்ள எடை வேற, வெந்து தண்ணி போன பிறகு உள்ள எடை வேற, அதனால கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும். ஆனாலும் "ராகி பிஸ்கட்"ல ராகியை விட மால்டோடெக்ஸ்ட்ரின் கூடுதல், இது உறுதி.

கோட்டாறு_மருந்துக்கடை

மால்டிடாலுக்கு ஒரு சலுகை கொடுக்கணும். அது சீனி ஆல்கஹால், முழுசா உறிஞ்சப்படாது. பொதுவா பாதியைத்தான் கார்பாக் கணக்கு வைப்பாங்க. அதே வகையில எரித்ரிட்டால், ஐஎன்எஸ் 968, ஏறக்குறைய பூஜ்யம். மால்டிடாலைப் பூஜ்யம்னு நினைக்கக் கூடாது, எரித்ரிட்டாலை மால்டிடால் மாதிரி பயப்படவும் வேண்டாம். கூடுதலாத் தின்னா வயிறு பொருமும், பேதியாகும். சீனி ஆல்கஹால் அதிகம் உள்ள பாக்கெட்ல மலமிளக்கும்னு எச்சரிக்கையே போட்டிருக்கும்.

இரணியல்_ஜெயா

அப்ப நார்ச்சத்து 6-ஐயும் கழிச்சு, மால்டிடால் பாதியையும் கழிச்சா?

தக்கலை_உணவியல்

கணக்குப் போட்டே பாத்துருவோம், 45 கிராமுக்கு. கார்ப் 31.5. நார்ச்சத்து 2.7. மார்த்தாண்டம் அண்ணாச்சி சொன்ன 8-ல இருந்து 17-ன்னு வச்சா மால்டிடால் 3.6-ல இருந்து 7.6 வரை, அதுல பாதி 1.8-ல இருந்து 3.8. எல்லாச் சலுகையும் கொடுத்தாச்சு, மிச்சம் 25-ல இருந்து 27 கிராம். அதே 45 கிராம் சாதா மாரி வகை பிஸ்கட்னா 34 கிராம் பக்கம் வரும். வித்தியாசம் உண்டு, இல்லைன்னு சொல்லல. ஆனா மாரி ரெண்டு மூணு எடுக்கிறவர் இதுல ஆறு எடுத்தா அந்த வித்தியாசம் அங்கேயே போச்சு.

இப்போ குளச்சல்காரன் தம்பிக்கு. நார்ச்சத்தைக் கழிக்கிறதுக்கு முன்னாடி அது கார்ப் எண்ணுக்கு உள்ள இருக்கா வெளிய இருக்கான்னு தெரியணும். அமெரிக்க லேபிள்ல "டோட்டல் கார்போஹைட்ரேட்"டுக்கு உள்ள நார்ச்சத்து அடங்கும். அதனாலதான் அந்த வரி அதுக்குக் கீழ ஓரம் தள்ளி அச்சாகியிருக்கும். ஐரோப்பா, பிரிட்டன் லேபிள்ல கார்ப்னா நார்ச்சத்து நீங்கலா உள்ளது. ஃபைபர் தனி வரியா, கார்புக்குச் சமமா நிக்கும். சோடியம்னு போடாம சால்ட்னு போட்டிருந்தா அது ஐரோப்பிய வழி லேபிள்னு பெரும்பாலும் சொல்லிரலாம். வளைகுடாக் கடையில ரெண்டும் ஒரே அலமாரியில கிடக்கும், நம்ம ஊருக்கு வார பெட்டியிலயும் ரெண்டும் வரும்.

உங்க மொறுமொறு ரொட்டி பாக்கெட்டை எடுத்துப் பாருங்க. புரதம், கொழுப்பு எவ்வளவு? சால்ட்டா சோடியமா?

குளச்சல்காரன்

புரதம் 9, கொழுப்பு 1.5. சால்ட்னுதான் போட்டிருக்கு. லேபிள்ல "கம்பு" இல்ல, ரைன்னு இருக்கு.

தக்கலை_உணவியல்

இப்ப லேபிளை நம்பாமலே கண்டுபிடிக்க ஒரு வழி. 100 கிராம் பொருள்ல புரதம், கொழுப்பு, கார்ப், நார்ச்சத்து, தண்ணி, தாது உப்பு எல்லாம் சேந்து 100-தான் வரணும். மொறுமொறுன்னு இருக்கிற எந்தப் பொருள்லயும் தண்ணியும் உப்பும் சேத்து சுமார் 4-ல இருந்து 10 வரைதான் இருக்கும். அதுக்கு மேல போனா நமுத்துப் போகும்.

உங்க ரொட்டி: 64 + 9 + 1.5 = 74.5. நார்ச்சத்து 64-க்கு உள்ளதான் இருக்குன்னா மிச்சம் 25.5 தண்ணியும் உப்புமா இருக்கணும். மொறுமொறு ரொட்டியில கால் பங்கு தண்ணி இருக்க வழியே இல்லை. நார்ச்சத்து 16-ஐ வெளிய வச்சு கூட்டினா 90.5, மிச்சம் 9.5. அது சரியா வருது. அப்ப 64 ஏற்கெனவே கழிச்ச எண். நீங்க திரும்பக் கழிச்சு 48 ஆக்கினது ரெண்டாவது கழிவு.

ஜெயா பிஸ்கட்: 70 + 7 + 17 = 94, மிச்சம் 6. பிஸ்கட்டுக்குப் பொருத்தம். நார்ச்சத்து வெளியன்னா 100, தண்ணிக்கும் உப்புக்கும் ஒண்ணும் மிச்சமில்லை. அப்ப 6 உள்ளதான். கழிக்கலாம்.

நம்ம நாட்டு பாக்கெட்ல ரெண்டு வழியிலும் எழுதுறதைப் பாக்கலாம். அதனால ஒவ்வொண்ணுக்கும் இந்தக் கூட்டலைப் போட்டுப் பாக்கிறது நல்லது. இன்னொண்ணு, இங்க ஊட்டச்சத்து அட்டவணையில நார்ச்சத்து வரியே கட்டாயம் இல்லை. "ஹை ஃபைபர்"னு முன்னாடி எழுதினாத்தான் போடணும். அப்படி எழுத 100 கிராமுக்கு 6 இருந்தாப் போதும். இந்த பிஸ்கட் அந்தக் கோட்டை மிதிச்சு நிக்குது.

குளச்சல்காரன்

சரி ஒத்துக்கிடுதேன். ஆனாலும் 16 ஃபைபர் உள்ளதுதானே நல்லது?

தக்கலை_உணவியல்

அதுல சந்தேகமே இல்லை. 64-க்கு 16, நாலுக்கு ஒண்ணு. ஜெயா பிஸ்கட்ல 64-க்கு 6. அளவு மட்டும் கவனிங்க, லேசா இருக்கிறதால நாலு அஞ்சு துண்டு போயிரும். ஒரு துண்டு 10 கிராம்னா அதுலயே 6.4 கார்ப்.

திங்கள்சந்தை_ராணி

எங்க மாமியாருக்கு ராத்திரி சுகர் இறங்கிருது, கை நடுக்கம், வேர்வை. இன்சுலின் போடுறாவ. அதுக்குத்தான் இந்த சுகர் ஃப்ரீ ராகி பிஸ்கட்டைத் தலைமாட்டுல வச்சிருக்கோம். இது சரிதானே? எத்தனை கொடுக்கணும்?

கோட்டாறு_மருந்துக்கடை

அக்கா, அதை உடனே மாத்துங்க. சுகர் 70-க்குக் கீழ இறங்கினா தேவைப்படுறது வேகமா ஏறுற குளுக்கோஸ், 15 கிராம். குளுக்கோஸ் பொடி 15 கிராம் அல்லது சாதா சீனி மூணு டீஸ்பூன் தண்ணியில கலக்கிக் கொடுங்க. பதினஞ்சு நிமிஷம் கழிச்சு திரும்பப் பாருங்க, இன்னும் 70-க்குக் கீழன்னா மறுபடி கொடுங்க. இந்த பிஸ்கட்ல உள்ள கொழுப்பு வயித்துல இருந்து இறங்குறதையே தாமதமாக்கும், மால்டிடாலும் உதவாது. மயக்கமா இருந்தா வாயில ஒண்ணும் ஊத்தக் கூடாது, ஆஸ்பத்திரிக்குத்தான். ராத்திரி திரும்பத் திரும்ப இறங்குதுன்னா இன்சுலின் அளவை டாக்டர் பாக்கணும். அதை நாளைக்கே சொல்லுங்க, பிஸ்கட்டால தீருற காரியம் இல்லை இது.

திங்கள்சந்தை_ராணி

சரி, இப்பமே மாத்திருதேன்.

வடசேரி_சந்தை

இந்த லேபிள் வம்பே வேண்டாம்னு நான் சொல்லுவேன். நேந்திரங்காய் சிப்ஸ் இருக்கே, காய், தேங்காய் எண்ணெய், உப்பு, மஞ்சள், அவ்வளவுதான். சீனி வரி ஏறக்குறைய ஒண்ணுமில்லை. இல்லைன்னா கருப்பட்டி போட்ட பிஸ்கட். வெள்ளைச் சீனி கிடையாது.

தக்கலை_உணவியல்

அண்ணாச்சி, கருப்பட்டில பெரும்பங்கு சாதா சீனில உள்ள அதே சுக்ரோஸ்தான். நிறமும் மணமும் வேற, ரத்தத்துக்கு வேற இல்லை. அந்த பாக்கெட்ல "சேர்த்த சீனி" வரி என்ன சொன்னாலும் "மொத்த சீனி"யைப் பாருங்க, அங்க நிக்கும். தேன், வெல்லம், பேரீச்சம்பழச் சாறு போட்டதுக்கும் இதே கண்ணு போதும்.

சிப்ஸ்ல பச்சைக் காய் மாவுச்சத்து. சீனி வரியில வராது, கார்ப் வரியில பாதிக்கு மேல நிக்கும். அதுல ஒரு தந்திரமும் உண்டு. எண்ணெய் அதிகம்கிறதால சுகர் மெதுவா ஏறும். ரெண்டு மணி நேரத்துல பாத்தா நல்லா இருக்கும், மூணு நாலு மணி நேரத்துல பாத்தா வேற காட்டும். "சிப்ஸ் தின்னா எனக்கு ஏறல"ன்னு சொல்லுறவங்க பலபேர் அந்த நேரத்துல பாக்கிறதே இல்லை.

மார்த்தாண்டம்_அடுப்பு

சிப்ஸ், முறுக்கு பாக்கெட் விஷயத்துல இன்னொண்ணு. சின்ன அளவுல செய்யிறவங்க சிலபேர் அட்டவணையை வேற பாக்கெட்ல இருந்து பாத்து அடிச்சிருவாங்க. ஒரு முறுக்கு பாக்கெட்ல புரதம் 8, கார்ப் 55, கொழுப்பு 28, கலோரி 350ன்னு இருக்குன்னு வைங்க. புரதத்துக்கும் கார்புக்கும் கிராமுக்கு 4, கொழுப்புக்கு 9. 32 + 220 + 252 = 504. 350-ம் 504-ம் எங்க சேருது? நார்ச்சத்து வித்தியாசத்தால பத்து இருபது கலோரி தள்ளிப் போகலாம், 150 போகாது. அப்படி வந்தா அந்த அட்டவணையில எந்த எண்ணையும் நம்பாதீங்க, கார்பையும்தான்.

கோட்டாறு_மருந்துக்கடை

இந்தக் கலோரிச் சோதனையை ஜெயா பாக்கெட்டுக்குப் போடாதீங்க. மால்டிடாலுக்கு கிராமுக்கு 4 கிடையாது, ரெண்டரைக்கும் கீழ. அதனால சரியான லேபிள்கூட தப்பு மாதிரித் தெரியும். அங்க எடைக் கூட்டல்தான் சரி.

குளச்சல்காரன்

ஒரு கேள்வி. இன்சுலினைக் கார்ப் எண்ணிப் போடுறவங்க நார்ச்சத்தைக் கழிக்கணுமா வேண்டாமா? ஒருத்தர் கழின்னு சொல்லுறார், ஒருத்தர் வேண்டாம்கிறார்.

தக்கலை_உணவியல்

ரெண்டு பேரும் இருக்காங்க. அமெரிக்க நீரிழிவுச் சங்கம் நெட் கார்பை ஏத்துக்கிடல, மொத்தக் கார்பை வச்சே தொடங்கச் சொல்லுது. காரணம், நார்ச்சத்துன்னு எழுதினது எல்லாம் ஒரே மாதிரி இல்லை. தவிடு அப்படியே வெளிய போகும். சில புரத பார்கள்ல "ஐசோமால்டோ ஒலிகோசாக்கரைடு"ன்னு ஒரு சிரப் போட்டு அதையும் ஃபைபர்ல சேத்துருவாங்க, அது பாதி செரிச்சு சுகரை ஏத்தும். அப்படிப்பட்ட பார்ல 15 கிராம் ஃபைபரைக் கழிச்சு இன்சுலினைக் குறைச்சா பின்னாடி ஏறி நிக்கும். மத்தபடி நீங்க எடுக்கிற அளவுல 2, 3 கிராம் நார்ச்சத்துன்னா கழிச்சாலும் கழிக்கலேன்னாலும் பெரிய வித்தியாசம் இல்லை. அதுக்கு மேலன்னா உங்க டாக்டர் எந்த வழியில அளவு கட்டிக் கொடுத்தாவளோ அதே வழியில போங்க, நடுவுல மாத்தாதீங்க.

கோட்டாறு_மருந்துக்கடை

எனக்கு இதுல முழு ஒப்புதல் இல்லை. பருப்பு வகைத் தீனியில, வறுகடலை மாதிரி, கழிக்காமப் போட்டா இன்சுலின் கூடிப்போய் இறங்குறதைப் பாத்திருக்கேன்.

தக்கலை_உணவியல்

வறுகடலைக்கு நானும் கழிக்கச் சொல்லுவேன், அங்க நார்ச்சத்து பொருளோட சேந்தது. நான் சொன்னது சிரப்பா ஊத்தின ஃபைபருக்கு.

இரணியல்_ஜெயா

அப்பாவுக்கு என்ன செய்யட்டும்? நிறுத்தச் சொன்னா கேக்க மாட்டாவ.

தக்கலை_உணவியல்

நிறுத்த வேண்டாம். ரெண்டு பிஸ்கட், 15 கிராம், கார்ப் 10.5. கூட ஒரு பிடி வறுகடலையோ அவிச்ச சிறுபயறோ. இது மட்டும் மாறட்டும், சாயா அதே சாயா, அதே நேரம். முன்னாடியும் ரெண்டு மணி நேரம் கழிச்சும் பாருங்க. ஒரு நாள் எண்ணை வச்சு முடிவு எடுக்காதீங்க. மத்தியானம் தின்ன சோறு சாயங்காலம் வரை இழுக்கும், மீட்டரே கொஞ்சம் முன்ன பின்ன காட்டும். மூணு நாலு நாள் பாத்துட்டு இங்க எழுதுங்க.

இரணியல்_ஜெயா

சரி சார். வறுகடலை பாக்கெட்ல நார்ச்சத்து வரியே இல்லை, கார்ப் 58, புரதம் 22, கொழுப்பு 6. கூட்டினா 86. மிச்சம் 14. இதுல நார்ச்சத்து வெளிய இருக்குன்னு எடுக்கலாமா?

மார்த்தாண்டம்_அடுப்பு

வறுகடலைல தண்ணியும் உப்பும் 10 பக்கம்கூட வரும். மிச்சம் 4 தான். கடலைக்கு அது ரொம்பக் குறைவு, அப்ப பாதி உள்ள பாதி வெளியன்னு ஆகுது. அட்டவணையே சரியில்லைன்னு எனக்குத் தோணுது. தோலோட உள்ளதா, தோல் நீக்கினதா?

இரணியல்_ஜெயா

தோல் நீக்கினது. தோலோட உள்ள பாக்கெட்டையும் நாளைக்குப் பாத்து எழுதுறேன்.